கீரைக் கட்டைப் புரட்டிப் பாருங்கள்!

கீரைக்காரம்மா கூடையை இறக்கி வைத்து, ஈரச் சாக்கை விலக்கிக் காட்டுகிறார். உள்ளே பச்சைப் பசேலென்று கட்டுகள். இலை மேலெல்லாம் முத்து முத்தாகத் தண்ணீர். "காலைல அறுத்ததும்மா, பாருங்க எப்படி இருக்குன்னு!" என்கிறார். நீங்களும் மேலாகப் பார்க்கிறீர்கள். நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு கட்டு வாங்கிக் கொண்டு வந்து, சமையலறையில் நாரை அவிழ்த்தால்... நடுவில் ஒரு கைப்பிடி கறுத்து, கொழகொழவென்று விரலில் ஒட்டுகிறது. பாதிக் கட்டு குப்பைக்குப் போகிறது.

கீரைக்காரம்மா பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். அவரும் விடியற்காலையில் மொத்த மார்க்கெட்டில் மூட்டையாக எடுத்து வந்தவர்தான். மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு கட்டாக அவிழ்த்துப் பார்க்க அவருக்கு ஏது நேரம்? பார்க்க வேண்டியவர்கள் நாம்தான். அதற்கு ஒரு நிமிடம் போதும். எங்கே பார்க்க வேண்டும், எதை நம்ப வேண்டும், எதை நம்பக் கூடாது என்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

பார்க்க வேண்டியவை மூன்று. இலையின் விறைப்பு, தண்டின் அறுத்த முனை, கட்டுக்குள் கொழகொழப்பு. நம்மில் பெரும்பாலோர் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு வாங்கிவிடுகிறோம். வேடிக்கை என்னவென்றால், மூன்றிலும் நம்மைச் சுலபமாக ஏமாற்றக் கூடியது அதுதான்!

விறைப்பு என்பது தண்ணீர்தான்

கீரையில் நூற்றுக்கு எண்பத்தைந்து முதல் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். இலை என்பது கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான சிறு பைகளால் ஆனது. ஒவ்வொரு பையும் காற்றடித்த சைக்கிள் டியூப் மாதிரி, உள்ளே தண்ணீர் நிரம்பி விம்மி நிற்கிறது. அந்த அழுத்தம் இருக்கும் வரை இலை விறைப்பாக நிற்கும். காம்பை வளைத்தால் 'சடக்' என்று ஒடியும். இரண்டு கட்டுகளை ஒன்றோடு ஒன்று உரசினால் சலசலவென்று சத்தம் கூடக் கேட்கும்.

செடியில் இருக்கும்வரை இலை காற்றில் விடும் ஈரத்தை வேர் ஈடு செய்து கொண்டே இருக்கும். அறுத்த நிமிடத்திலிருந்து வரவு நின்று போகிறது, செலவு மட்டும் நடக்கிறது. நம் ஊர் வெயிலில், அதிலும் வண்டியில் காற்றுப் பட வரும்போது, செலவு இன்னும் அதிகம். கீரை தன் எடையில் ஒரு சிறு பங்கு தண்ணீரை இழந்தாலே போதும், இலை தொய்ந்து விடும். ஆகவே துவண்ட கீரை எல்லாம் பழைய கீரை என்று நினைத்துவிடக் கூடாது. காலை ஆறு மணிக்கு அறுத்து, எட்டு மணி வெயிலில் தட்டில் திறந்து வைத்த கீரை ஒன்பது மணிக்கே துவண்டிருக்கும்.

அதற்கு நேர்மாறானதும் உண்டு. நேற்று அறுத்த கீரையை ராத்திரி முழுக்க ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, காலையில் தண்ணீர் தெளித்து எடுத்தால், அது புதுக் கீரை மாதிரியே நிமிர்ந்து நிற்கும். தண்டு தண்ணீரை இழுத்துக் கொள்கிறது, பைகள் மறுபடி விம்முகின்றன, அவ்வளவுதான். தண்ணீர் தெளிப்பது மோசடி இல்லை. தெளிக்காவிட்டால் மதியத்துக்குள் கீரை சருகாகிவிடும். ஆனால் தெளித்த தண்ணீர் இலையின் வயதைக் குறைத்துவிடாது. இழந்த வைட்டமின் 'சி' திரும்பி வராது. இரும்பும் கால்சியமும் இலையை விட்டு எங்கும் போகாது என்பது உண்மை. ஆனால் வைட்டமின் 'சி'யும், கர்ப்பிணிகளுக்கு டாக்டர்கள் வலியுறுத்தும் ஃபோலிக் அமிலமும் வெயிலில் வாடி நின்ற இலையில் வெகு சீக்கிரம் குறைந்து போகும்.

விறைப்பைப் பார்ப்பதானால் இலையைப் பார்க்காதீர்கள், காம்பை ஒடித்துப் பாருங்கள். தண்ணீர் தெளித்த இலை நிமிர்ந்திருந்தாலும், காம்பு ரப்பர் மாதிரி வளைந்து கொடுத்தால் அந்தக் கீரை ஒரு முறை நன்றாக வாடி எழுந்தது என்று எடுத்துக் கொள்ளலாம். முளைக்கீரை, பாலக், தண்டுக்கீரை மூன்றிலும் இந்தச் சோதனை நன்றாகவே வேலை செய்யும். முற்றின தண்டு என்றால் வேறு விஷயம். அது ஒடியும்போது நார் நாராக இழுக்கும். அது முற்றல், பழசு இல்லை.

பருப்புக்கீரையிடம் மட்டும் இந்தச் சோதனை எடுபடாது. அதன் இலையும் தண்டும் தடிமனாக, தண்ணீரைச் சேமித்து வைத்துக் கொள்ளும் சாதி. இரண்டு நாள் ஆனாலும் ஒடித்தால் ஒடியும். அதற்கு அடுத்த சோதனைதான் சரி.

அறுத்த முனை ஒரு கடிகாரம்

கட்டை வாங்கியதும் தலைகீழாகத் திருப்புங்கள். கீரைக்காரம்மா முகத்தைச் சுளித்தாலும் பரவாயில்லை!

அறுத்த இடம் என்பது செடிக்கு ஒரு காயம். ஆப்பிளையோ வாழைக்காயையோ வெட்டி வைத்தால் கொஞ்ச நேரத்தில் பழுப்பாகிறதே, அதே வேலைதான் இங்கும் நடக்கிறது. வெட்டுப்பட்ட இடத்தில் செடியின் சாறு காற்றோடு கலந்து நிறம் மாறுகிறது. கூடவே முனை காய்ந்து சுருங்குகிறது. புதிதாக அறுத்த முனை வெளிர் பச்சையாகவோ வெள்ளையாகவோ இருக்கும். விரலை வைத்தால் ஈரம் தெரியும். நகத்தால் அழுத்தினால் சாறு கசியும். சில மணி நேரம் போனால் முனை மங்கி, ஓரம் வெண்மை இழந்து, லேசாக உள்வாங்கும். மறுநாள் ஆகிவிட்டால் பழுப்பாகி, காய்ந்து, சில சமயம் பிளந்தும் இருக்கும். இலைக்குத் தண்ணீர் தெளித்து நிமிர்த்த முடியும், ஆனால் பழுத்த முனையை எந்தத் தண்ணீராலும் வெள்ளையாக்க முடியாது. அதனால்தான் இதைக் கடிகாரம் என்கிறேன்.

"அப்படியானால் முனையைக் கொஞ்சம் நறுக்கிவிட்டால்?" என்று கேட்பீர்கள். நறுக்கத்தான் செய்கிறார்கள்! அதையும் கண்டுபிடிக்கலாம். வயலில் அரிவாளால் அறுத்த கட்டில் முனைகள் ஒரே மட்டமாக இருக்காது. ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்று சாய்வு. கட்டிய பிறகு கத்தியால் நறுக்கிய கட்டோ பலகையில் வைத்துச் சீவியது போல அத்தனை முனையும் ஒரே மட்டமாக இருக்கும். நார் கட்டிய இடத்துக்குக் கீழே தண்டு மிகக் குட்டையாகவும் இருக்கும். இப்படி இருந்தால் உடனே வேண்டாம் என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அழகாக இருக்க வேண்டுமென்று புதுக் கட்டையும் சிலர் மட்டம் தட்டுவார்கள். ஆனால் முனையின் சாட்சி அங்கே செல்லாது. காம்பையும் கட்டின் உட்புறத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எல்லாக் கீரையும் அறுத்து வருவதில்லையே! அரைக்கீரையை அறுக்க அறுக்கத் துளிர்க்கும் என்பதால் வேரை விட்டுவிட்டு அறுப்பார்கள். பொன்னாங்கண்ணி, புதினா, மணத்தக்காளி இவையும் அப்படித்தான். சிறுகீரை, முளைக்கீரை, வெந்தயக்கீரை, கொத்தமல்லி ஆகியவை பெரும்பாலும் வேரோடு பிடுங்கி வரும். வேரோடு இருந்தால் வேரைப் பாருங்கள். புதுக் கீரையின் வேர் வெளுப்பாக, நீண்டு, சின்னச் சின்ன இழைகளோடு இருக்கும். ஒட்டியிருக்கும் மண்ணில் ஈரம் இருக்கும். பழைய கீரையின் வேர் நூல் மாதிரி துவண்டு, மண் உலர்ந்து பொடிப் பொடியாக உதிரும். மண்ணோடு இருக்கிறதே என்று சிலர் கழுவிய கட்டாகத் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். எனக்கென்னவோ மண் ஒட்டிய கட்டுதான் பிடிக்கும். கழுவிய கட்டில் தண்ணீர் உள்ளே தங்கிவிடும், அது எங்கே கொண்டு போய் விடும் என்பதைப் பார்ப்போம்.

கொழகொழப்பு வந்துவிட்டால்...

வாட்டம் திரும்பக் கூடியது, கொழகொழப்பு திரும்பாதது. கீரை விஷயத்தில் இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக் கொண்டாலும் போதும்.

இலையின் சிறு பைகளை ஒன்றோடு ஒன்று ஒட்டி வைத்திருப்பது பெக்டின் என்ற ஒரு வகைப் பசை. ஜாம் கெட்டிப்படுகிறதே, அதற்குக் காரணமான அதே பொருள். அழுகலை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் இந்தப் பசையைத்தான் கரைத்துத் தின்கின்றன. செங்கல்லுக்கு இடையில் இருக்கும் சிமென்ட் கரைந்தால் சுவர் என்னாகும்? பைகள் பிரிந்து, உடைந்து, உள்ளே இருந்த தண்ணீர் வெளியே வந்து எல்லாம் கூழாகிவிடும். நம் விரலில் ஒட்டுவது அந்தக் கூழ்.

இந்தப் பாக்டீரியாக்களுக்கு வேண்டியது மூன்று: நுழைய ஒரு காயம், ஈரம், கொஞ்சம் சூடு. கட்டுக்குள் மூன்றும் தயாராக இருக்கின்றன. நாரை இறுக்கிக் கட்டிய இடத்தில் தண்டு நசுங்கிக் காயம் ஆகிறது. தெளித்த தண்ணீர் உள்ளே போனால் காற்றுப் படாமல் அங்கேயே தங்குகிறது. சூடு? அது கீரையிலிருந்தே வருகிறது! அறுத்த பிறகும் இலை சுவாசித்துக் கொண்டுதான் இருக்கும். சுவாசிக்கும்போது சூடு வரும். நூறு கட்டை மூட்டைக்குள் திணித்து வைத்தால் அந்தச் சூடு வெளியே போக வழி இல்லை. மூட்டையைப் பிரித்ததும் உள்ளே கையை விட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பு நன்றாகத் தெரியும்.

அதனால்தான் அழுகல் ஆரம்பிப்பது வெளி இலையில் இல்லை. கட்டின் நடுவில், நாருக்கு அருகில். கடையில் கட்டை அவிழ்க்க விட மாட்டார்கள், அவிழ்க்கவும் வேண்டாம். இரண்டு விரலைக் கட்டின் நடுவே, நாருக்குச் சற்று மேலே நுழைத்துப் பாருங்கள். குளிர்ச்சியாக, இலைகள் தனித்தனியாகப் பிரிந்தால் நல்லது. வெதுவெதுப்பாக இருந்தால் அந்தக் கட்டு இன்னும் அழுகவில்லை, ஆனால் அந்தப் பாதையில் போய்க்கொண்டிருக்கிறது. உடனே போய்ச் சமைப்பதாக இருந்தால் மட்டும் வாங்கலாம். இலைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி, விரலில் பிசுபிசுத்தால் திருப்பி வைத்துவிடுங்கள். விரலை முகர்ந்தும் பாருங்கள். நல்ல கீரையில் புல் வாசனையும் மண் வாசனையும் வரும். அழுகத் தொடங்கியதில் பூ ஜாடித் தண்ணீரை நாலு நாள் மாற்றாமல் விட்டால் வருமே, அந்த நாற்றம்.

கொழகொழப்புக்கு முந்தின கட்டம் ஒன்று உண்டு. இலையில் அங்கங்கே கரும்பச்சையாக, எண்ணெய்த் தாள் மாதிரி ஒளி ஊடுருவும் திட்டுகள் தெரியும். நசுங்கிய இடத்தில் பைகள் உடைந்து தண்ணீர் ஊறியிருக்கிறது என்று அர்த்தம். சில மணி நேரத்தில் அந்த இடமே முதலில் கூழாகும். ஃபிரிட்ஜில் ஃப்ரீசர் பலகையை ஒட்டி வைத்த கீரையிலும் இதே திட்டுகள் வரும். அங்கே பைகளை உடைத்தது உறைந்த ஐஸ்.

"அழுகினதை மட்டும் கிள்ளிப் போட்டுவிட்டு மீதியைச் சமைத்தால் என்ன? கொதிக்க வைக்கிறோமே!" என்பது நியாயமான கேள்விதான். இரண்டு மூன்று இலையில் மட்டும் இருந்தால், அதையும் அதைத் தொட்டுக் கொண்டிருக்கும் இலைகளையும் எடுத்துவிட்டு மீதியை உடனே சமைக்கலாம். நடுக் கட்டு முழுக்கப் பரவியிருந்தால் வேண்டாம். இலையை அழுக வைக்கும் பாக்டீரியாக்கள் பொதுவாக மனிதருக்கு நோய் தருபவை அல்ல. ஆனால் அவை உடைத்துப் போட்ட கூழில், வயலிலிருந்தோ அழுக்குத் தண்ணீரிலிருந்தோ வந்த மற்றக் கிருமிகள் சுலபமாகப் பெருகும். கொதிக்கிற சூட்டில் அந்தக் கிருமிகள் சாகும் என்பதும் சரி. கொதித்தாலும் போகாத ஒன்று இருக்கிறது, அதைக் குழந்தை இருக்கும் வீடுகள் அவசியம் தெரிந்து கொள்ள வேண்டும்.

முளைக்கீரை, தண்டுக்கீரை வகைகளிலும் பாலக்கிலும் மண்ணிலிருந்து எடுத்துக் கொண்ட நைட்ரேட் என்ற உப்பு இயற்கையாகவே அதிகம். நல்ல கீரையில் அது இருப்பதால் நமக்கு ஒரு கெடுதலும் இல்லை. கீரை ஈரத்திலும் சூட்டிலும் கெடத் தொடங்கும்போது பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட் ரத்தத்தில் கலந்தால், ரத்தம் பிராண வாயுவைச் சுமந்து செல்லும் சக்தி குறையும். பெரியவர்களின் உடம்பு இதைச் சமாளித்துக் கொள்ளும். சில மாதங்களே ஆன குழந்தைக்குச் சமாளிக்கும் திறன் போதாது. உதடும் நகமும் நீலம் பாயும் அளவுக்குப் போகக்கூடும். ஆகவே பருப்பும் கீரையும் மசித்து ஊட்டத் தொடங்கியிருக்கும் வீட்டில், கொழகொழப்பு கண்ட கட்டிலிருந்து 'நல்ல இலையாகப் பொறுக்கி' குழந்தைக்குச் செய்ய வேண்டாம். காலையில் மசித்த கீரையை வெளியே வைத்திருந்து மாலையில் சூடு செய்து ஊட்டுவதும் வேண்டாம். சமைத்த கீரையிலும் இதே மாற்றம் நடக்கும்.

பசலைக்கு மட்டும் விதிவிலக்கு

கொடிப் பசலையை வாங்கி வந்து, "இலை கொழகொழவென்று இருக்கிறதே, கெட்டுப் போச்சா?" என்று கேட்பவர்கள் உண்டு. அது அதன் சுபாவம். வெண்டைக்காய் மாதிரி பசலையின் உள்ளேயே ஒரு வழுவழுப்பான சாறு இருக்கிறது. இலையைக் கசக்கினால்தான் அது வெளியே வரும், நிறமில்லாமல் தெளிவாக இருக்கும், கெட்ட வாசனை இராது. கசக்காத இலையின் மேல்பரப்பு வழவழப்பாக, உலர்ந்து, பளபளவென்று இருக்க வேண்டும். கசக்காமலேயே மேலே பிசுக்கு இருந்தால், அதுவும் கறுத்திருந்தால், அது அழுகல்தான்.

இன்னும் சில அடையாளங்களையும் அழுகலோடு குழப்பிக் கொள்ளக் கூடாது. இலையில் ஓட்டை இருந்தால் புழு கடித்தது. வெள்ளைக் கோடு வளைந்து வளைந்து போனால் உள்ளே ஒரு பூச்சியின் புழு குடைந்தது. முளைக்கீரை வகைகளில் இலையின் அடியில் வெள்ளைக் கொப்புளம் மாதிரிப் புள்ளிகள் இருந்தால் அது வயலிலேயே வந்த ஒரு பூஞ்சை நோய். இவை எதுவும் கீரை எத்தனை நாள் பழசு என்பதைச் சொல்லாது. அப்படிப்பட்ட இலைகளைக் கிள்ளி எறிந்துவிட்டு மீதியைச் சமைக்கலாம். மஞ்சள் இலை மட்டும் வயதைச் சொல்லும், அதுவும் பாதி உண்மைதான். அடி இலை ஒன்றிரண்டு செடியிலேயே மஞ்சளாவது சகஜம். நடு இலையும் நுனியும் வெளுத்திருந்தால்தான் பழசு.

மூன்று அரைக்கீரைக் கட்டு

இதையெல்லாம் சேர்த்துப் பார்ப்பது எப்படி என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலை பத்தரை மணி. தெருவோரக் கடையில் அரைக்கீரை மூன்று கட்டுதான் மிச்சம். கணவரும் குழந்தைகளும் போய்விட்டார்கள், மதியம் கடைந்து மாலையில் மாமியாருக்கு, ராத்திரி எல்லோருக்கும் என்று உத்தேசம்.

முதல் கட்டு நிமிர்ந்து, தண்ணீர் சொட்டச் சொட்ட இருக்கிறது. பார்த்தவுடன் கை அதற்குத்தான் போகும். திருப்பினால் முனைகள் பழுப்பு, காய்ந்திருக்கின்றன. காம்பு வளைகிறது, ஒடியவில்லை. நடுவில் விரல் விட்டால் ஈரம், ஆனால் பிசுக்கு இல்லை, நாற்றமும் இல்லை. நேற்றைய கீரை, தண்ணீரில் எழுந்து நிற்கிறது. கெட்டுப் போனதல்ல. வேறு கிடைக்காவிட்டால் வாங்கி ஒரு மணி நேரத்துக்குள் சமைக்கலாம்.

இரண்டாவது கட்டு தட்டின் வெயில் பட்ட ஓரத்தில் இருந்திருக்கிறது. இலை தொய்ந்து, பார்க்கவே பாவமாக இருக்கிறது. திருப்பினால் முனைகள் வெளிர் பச்சை, ஏற்ற இறக்கமாக அறுத்தது. நகத்தால் அழுத்தினால் சாறு தெரிகிறது. நடுவில் குளிர்ச்சி, இலைகள் தனித்தனியாக இருக்கின்றன.

மூன்றாவது கட்டு நிமிர்ந்தும் இருக்கிறது, முனைகளும் வெள்ளை வெளேரென்று இருக்கின்றன. ஆனால் முனைகள் அத்தனையும் ஒரே மட்டம், நாருக்குக் கீழே ஒரு விரற்கடைதான் தண்டு. நடுவில் விரலை விட்டால் வெதுவெதுப்பு, ஒரு பக்கம் இலைகள் ஒட்டிக் கொள்கின்றன.

"அக்கா, இது காலைல அறுத்ததுங்களா?" என்று இரண்டாவது கட்டைக் காட்டிக் கேட்டால், "அது வாடிப் போச்சும்மா, இத எடுத்துக்கங்க, நல்லா இருக்கு" என்று மூன்றாவதைத்தான் நீட்டுவார். அவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். வாங்க வேண்டியது இரண்டாவதுதான்!

வீட்டுக்கு வந்ததும் அது சரியான முடிவா என்று பார்த்துவிடலாம். நாரை அவிழ்த்து, தண்டின் முனையைக் கால் அங்குலம் நறுக்கிவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரில் பூங்கொத்து மாதிரி நிறுத்தி வையுங்கள். முனையை நறுக்குவது ஏனென்றால், காய்ந்த முனையில் காற்று அடைத்துக் கொண்டிருக்கும், தண்ணீர் ஏறாது. நிழலில் அரை மணி, அதிகம் போனால் ஒரு மணி நேரம். வெறும் வாட்டம் என்றால் இலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்துவிடும். நிமிராத இலைகளில் பைகளே செத்துவிட்டன என்று அர்த்தம், அவற்றை ஒதுக்கிவிடுங்கள்.

முருங்கை தனி ரகம்

முருங்கைக் கீரைக்கு மேலே சொன்ன எதுவும் அவ்வளவாகப் பொருந்தாது. கிளையாக ஒடித்து வருகிறார்கள், காம்பு மரத்தண்டு மாதிரி கெட்டி, இலை சின்னது. அதற்கு ஒரே சோதனை, கொத்தை லேசாக உதறிப் பார்ப்பதுதான். புதுக் கொத்தில் ஒன்றிரண்டு இலைதான் விழும். பொலபொலவென்று கொட்டினால் ஒடித்து வெகு நேரமாகிவிட்டது. சாயங்காலம் முருங்கைக் கீரையைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு, காலையில் உதறி இலையைத் தனியாக எடுத்துவிடும் உபாயம் எல்லா வீட்டிலும் தெரிந்ததுதானே? வேலை சுலபம், ஆனால் இலை தானாக உதிர்கிறது என்றால் கிளை அதைக் கைவிட்டுவிட்டது என்று பொருள். கறிவேப்பிலையும் இதே மாதிரிதான். கொத்தை உதறினால் இலை விழக் கூடாது.

சூப்பர் மார்க்கெட்டில் பாலிதீன் பையில் வரும் கீரையில் விரலை விட முடியாது, திருப்பவாவது செய்யலாம். பையின் அடிப்பக்கம் பாருங்கள். உள்ளே தண்ணீர் துளித்துளியாக நின்று, கீழ் இலைகள் பையோடு ஒட்டிக் கறுத்திருந்தால் வேண்டாம். பை உப்பலாக இருந்தாலும் வேண்டாம். உழவர் சந்தை பக்கத்தில் இருப்பவர்களுக்கு வசதி அதிகம். 1999-ல் மதுரையில் தொடங்கி மற்ற ஊர்களுக்கும் வந்த இந்தச் சந்தைகளில் விளைவித்தவரே விற்பதால், எப்போது அறுத்தது என்ற கேள்விக்கு நேரான பதில் கிடைக்கும். காலையில் சீக்கிரம் போக வேண்டும், அவ்வளவுதான்.

அன்றைக்கே சமைக்காவிட்டால்

வாங்கியதும் கழுவி வைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. கீரைக்கு அது கூடாது. கழுவிய ஈரம்தான் கொழகொழப்புக்கு விதை. நாரை உடனே அவிழ்த்து, கட்டைப் பரப்பி, மஞ்சளும் அழுகலும் பொறுக்கி எடுத்துவிட்டு, வேர் இருந்தால் வேரை நறுக்கிவிட்டு, உலர்ந்த பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் வையுங்கள். ஃப்ரீசருக்கு அடியில் வேண்டாம். துணி, கசியும் ஈரத்தை உறிஞ்சிக் கொள்ளும், இலையும் காயாது. இப்படி வைத்தால் ஒன்று, இரண்டு நாள் தாங்கும். வெந்தயக்கீரை அதற்குள்ளேயே தொய்ந்துவிடும், அதை மட்டும் அன்றன்றைக்கு வாங்குவதுதான் உசிதம்.

தக்காளி, வாழைப்பழம், மாம்பழம் இவற்றின் பக்கத்தில் கீரையை வைக்காதீர்கள். பழுக்கும் பழங்கள் எத்திலீன் என்ற வாயுவை விடும், அது பச்சை இலையைச் சீக்கிரம் மஞ்சளாக்கிவிடும். கொத்தமல்லி நேற்று வாங்கியது இன்றைக்கு ஏன் வெளுத்தது என்று யோசித்திருப்பீர்களே, கூடையில் பக்கத்தில் என்ன இருந்தது என்று பாருங்கள்.

சமைக்கப் போகும்போதுதான் கழுவ வேண்டும், அதுவும் நறுக்குவதற்கு முன்னால். அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டுக் கீரையை அமிழ்த்தி அலசி, கீரையைக் கையால் அள்ளி வெளியே எடுங்கள். பாத்திரத்தைச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டினால் அடியில் தங்கிய மண் மறுபடி கீரை மேலேயே விழும். பாத்திரத்தின் அடியில் மணல் தெரியாத வரை தண்ணீரை மாற்றி மாற்றி அலசுங்கள். சாதாரணமாக மூன்று, நாலு தடவை ஆகும். வேரோடு பிடுங்கிய கீரையில், அதுவும் மழைக்காலத்தில், இன்னும் ஒரு தடவை கூட ஆகும்.